விபத்தில் உதவியவர்களுக்கு ஒரு நன்றிக் கடிதம்

விபத்தில் நசுங்கிய காரை வெட்டி ஓட்டுநரை மீட்ட தீயணைப்பு வீரர்களுக்கான நன்றிக் கடிதத்தை அந்த நிலைய அலுவலருக்கு எழுதி, மாவட்ட அலுவலருக்கு நகல் அனுப்பலாம். போக்குவரத்துக் காவலர் என்றால் ஆய்வாளருக்கு எழுதி, நகலை மாநகரில் காவல் ஆணையருக்கும் பிற இடங்களில் மாவட்டக் கண்காணிப்பாளருக்கும் அனுப்பலாம்.

பெயர் தெரியாவிட்டாலும் தேதி, நேரம், இடம், வண்டி எண் இருந்தால் அன்று பணியில் இருந்தவர்களைக் கண்டுபிடித்துவிடுவார்கள். வெறும் புகழுரையைவிட, செய்த வேலையைச் சொல்லும் ஒரு வாக்கியம் மேல்: “கதவை வெட்டி, கால் சிக்கியிருந்த என் தம்பியை மேலும் காயமின்றி வெளியே எடுத்தீர்கள், குடும்பத்தின் நன்றி.”

விபத்துக்கு யார் காரணம் என்று மட்டும் எழுத வேண்டாம். வழக்கு நடந்தால் அந்த வரி சிக்கலாகும். பணமோ பரிசோ வைத்து அனுப்பக் கூடாது. அரசு ஊழியர் நடத்தை விதிகள் அவர்களைக் கட்டுப்படுத்துகின்றன.