கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடிக்கும் முன்...

மொட்டைமாடிக்கு நேர் கீழே குடியிருப்பவர்களுக்குத் தெரியும்: வெயில் தாழ்ந்த பிறகுதான் அறை அனலடிக்கும். பகலெல்லாம் வாங்கிய சூட்டைக் கான்கிரீட் தளம் மெதுவாகத்தான் கீழே இறக்குகிறது. வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தால் இது எவ்வளவு குறையும்? சுவரில் மாட்டிய தெர்மாமீட்டர் அந்த நிமிடத்து வெப்பத்தை மட்டுமே சொல்லும். விடை வேண்டுமென்றால் இரவு பகலாகக் குறித்து வைக்க வேண்டும்.

இதற்கு டிஎஸ்18பி20 என்ற சிறிய சென்சார் இரண்டு போதும். ஒன்றைச் சீலிங்கில் ஒட்டுங்கள். மற்றதை வெளியே, வெயிலே படாத நிழலில் தொங்கவிடுங்கள். இரண்டும் ராஸ்பெரி பை என்னும் கையடக்கக் கம்ப்யூட்டரில் இணையும். ஒவ்வொரு சென்சாருக்கும் தனி அடையாள எண் உண்டு என்பதால் இரண்டையும் ஒரே டேட்டா ஒயரில் கோக்கலாம். அந்த ஒயருக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று வேண்டும்.

நிமிடத்துக்கு ஒருமுறை சிறு நிரல் ஒன்று சென்சாரைப் படித்து, இன்ஃப்ளக்ஸ்டிபி என்ற தரவுத்தளத்துக்கு இப்படி ஒரு வரி அனுப்பும்:

```
temperature,place=ceiling value=36.25
```

நேரத்தைத் தரவுத்தளமே சேர்த்துக்கொள்ளும். நேர வரிசையில் வந்து குவியும் அளவுகளுக்கென்றே உருவானது அது. ஒரு சென்சாருக்கு நாளொன்றுக்கு 1,440 பதிவுகள் என்பது அதற்குப் பொருட்டே அல்ல. அவற்றை எடுத்துக் கோடாக வரைந்து காட்டும் வேலை கிராஃபானாவுடையது.

கோட்டை அப்படியே நம்பிவிடவும் கூடாது. திடீரென ஒரு முள் சரியாக 85 டிகிரிக்கு எகிறினால் அது வெயில் அல்ல. மின்சாரம் வந்தவுடன், முதல் அளவை எடுக்கும் முன், இந்தச் சென்சார் காட்டும் தொடக்க எண் அது. மின் இணைப்பு தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பதிவை நிரலிலேயே தள்ளிவிடுங்கள். சென்சாரின் துல்லியமும் அரை டிகிரி இப்படி அப்படி இருக்கும். மாட்டும் முன் இரண்டையும் சேர்த்துக் கட்டிச் சில மணி நேரம் ஒரே இடத்தில் வைத்தால், அவற்றுக்குள் இருக்கும் வித்தியாசம் தெரிந்துவிடும். பிறகு அதைக் கழித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, ஒரு மாத வரைபடத்தைத் திறந்தால் கிராஃபானா பல நிமிடங்களைச் சேர்த்துச் சராசரியையே வரையக்கூடும். அப்போது உச்சங்கள் மழுங்கும். உச்ச வெப்பம் தெரிய, சராசரிக்குப் பதில் `max` என்று மாற்ற வேண்டும்.

இரண்டு கோடுகளையும் ஒன்றாகப் பார்த்தால் கூரையின் குணம் புரியும். வெளியே பிற்பகலில் உச்சம். சீலிங்கில் அது சில மணி நேரம் தள்ளி வரும். பூச்சு அடித்த பின், வெளி வெப்பம் ஏறக்குறைய ஒன்றாக இருந்த நாட்களை மட்டும் எடுத்துச் சீலிங்கின் உச்சங்களை ஒப்பிடுங்கள். மேகமூட்டமான நாளோடு ஒப்பிட்டால், வானம் செய்த வேலைக்குப் பூச்சு பெயர் வாங்கிவிடும்.

ஆகவே, பூச்சு அடிப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே பதிவைத் தொடங்கிவிடுங்கள். அடித்த பிறகு பழைய கோட்டை எடுக்க வழியே இல்லை.