குடல் ஹார்மோன்களுக்கு ஒரு அட்டவணை

1902 ஜனவரி மாதம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் வில்லியம் பெய்லிஸ், எர்னஸ்ட் ஸ்டார்லிங் என்ற இரண்டு உடலியல் அறிஞர்கள் மயக்கத்தில் இருந்த ஒரு நாயின் சிறுகுடலில் ஒரு துண்டைத் தனியாகப் பிரித்து, அதற்குப் போகும் நரம்புகளை எல்லாம் அறுத்துவிட்டார்கள். ரத்தக்குழாய்களை மட்டும் விட்டுவைத்தார்கள். பிறகு அந்தத் துண்டுக்குள் நீர்த்த அமிலத்தைச் செலுத்தினார்கள். குடலில் அமிலம் பட்டதும் கணையம் சுரப்பதற்கு நரம்புகளே காரணம் என்பதுதான் அன்றைக்கு நிலவிய கருத்து. ஆனால் நரம்பே இல்லாத துண்டில் அமிலம் பட்டபோதும் கணையநீர் வழிந்தது.

உடனே ஸ்டார்லிங் குடலின் உட்படலத்தைச் சுரண்டி எடுத்து, மணலும் அமிலமும் சேர்த்து அரைத்து, வடிகட்டி, அந்தச் சாற்றை நாயின் ரத்தத்தில் ஏற்றினார். கணையம் மறுபடியும் சுரந்தது. அந்தச் சாற்றில் இருந்த பொருளுக்கு செக்ரடின் என்று பெயரிட்டார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து, 1905-ல், இத்தகைய பொருள்களுக்கு ஹார்மோன் என்ற பொதுப்பெயரையும் ஸ்டார்லிங்கே வழக்கில் கொண்டுவந்தார்.

மருத்துவம், நர்சிங் படிக்கும் மாணவர்கள் தேர்வுக்கு முந்தைய நாள் மனப்பாடம் செய்யும் குடல் ஹார்மோன் அட்டவணையின் முதல் வரி இந்தச் சோதனையிலேயே முழுசாக இருக்கிறது. எங்கே சுரக்கிறது? சிறுகுடலின் உட்படலத்தில். எது தூண்டுகிறது? அமிலம். என்ன செய்கிறது? கணையத்தைச் சுரக்கவைக்கிறது. இந்த மூன்றும் ஒரே சங்கிலி என்று புரியாமல் தனித்தனிப் பத்திகளாக உருப்போடுவதால்தான் தேர்வறையில் வரிகள் மாறிப்போகின்றன.

மாறாமல் இருக்க நல்ல வழி, தூண்டும் பொருளிலிருந்து தொடங்குவது. இரைப்பையிலிருந்து புளிப்பேறிய உணவு முன்சிறுகுடலுக்குள் இறங்கி, அங்கே பி.எச். 4.5-க்குக் கீழே போனால் எஸ் செல்கள் செக்ரடினை விடுகின்றன. அங்கே அப்போதைக்குப் பிரச்சினை அமிலம். அதைத் தணிக்கத் தேவை காரம். ஆகவே செக்ரடின் கணைய நாளங்களிலிருந்து பைகார்பனேட் நிறைந்த நீரை வரவழைக்கிறது. இரைப்பையின் அமிலச் சுரப்பையும் குறைக்கிறது. பைகார்பனேட் என்ற பதிலை மனப்பாடம் செய்யவே வேண்டியதில்லை, கேள்வியிலேயே அது இருக்கிறது.

அதே உணவில் நெய்யும் பருப்பும் இருந்தால், கொழுப்பும் புரதத்தின் சிதைவுகளும் பக்கத்திலேயே இருக்கும் ஐ செல்களைத் தொடுகின்றன. அவை விடுவது கோலிசிஸ்டோகைனின், சுருக்கமாக சி.சி.கே. கொழுப்பைக் கரைக்கப் பித்தநீர் வேண்டும், எனவே பித்தப்பை சுருங்குகிறது, பித்தம் வெளியேறும் வாயில் தளர்கிறது. செரிக்க என்சைம்கள் வேண்டும், எனவே கணையம் அவற்றைச் சுரக்கிறது. கொழுப்பு செரிக்க நேரமாகும், எனவே இரைப்பை மெதுவாகக் காலியாகிறது. பித்தப்பையில் கல் உள்ளவர்களுக்கு எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட பிறகு வலது விலாவுக்குக் கீழே வலி பிடிப்பதற்கு இந்தச் சுருக்கமே காரணம். மாணவர்கள் அதிகம் குழப்பிக்கொள்வது இந்த இரண்டையும்தான். இரண்டுமே கணையத்தை இயக்குபவை. ஆனால் அமிலத்துக்கு வருவது கார நீர், கொழுப்புக்கு வருவது என்சைம்.

| ஹார்மோன் | இடம் | தூண்டுவது | வேலை |
|---|---|---|---|
| காஸ்ட்ரின் | இரைப்பையின் கீழ்ப்பகுதி, ஜி செல் | புரதச் சிதைவு, இரைப்பை விரிதல், வேகஸ் நரம்பு | அமிலச் சுரப்பு, உட்படல வளர்ச்சி |
| செக்ரடின் | முன்சிறுகுடல், எஸ் செல் | அமிலம் | பைகார்பனேட் நீர் |
| சி.சி.கே. | முன், நடுச் சிறுகுடல், ஐ செல் | கொழுப்பு, புரதச் சிதைவு | பித்தப்பைச் சுருக்கம், கணைய என்சைம் |
| ஜி.ஐ.பி. | முன், நடுச் சிறுகுடல், கே செல் | குளுக்கோஸ், கொழுப்பு, அமினோ அமிலம் | இன்சுலின் சுரப்பு |
| மோட்டிலின் | மேல் சிறுகுடல், எம் செல் | பட்டினி நேரம் | வெறும் குடலைத் துடைக்கும் அசைவு |

ஜி.ஐ.பி. இருப்பதால்தான் நரம்பில் ஏற்றும் குளுக்கோஸைவிட வாயால் குடிக்கும் குளுக்கோஸ் அதிக இன்சுலினைச் சுரக்கவைக்கிறது. மோட்டிலின் மட்டும் மற்ற நான்கிலிருந்து விலகி நிற்கிறது. சாப்பிட்டால் அது அடங்கிவிடும். வெறும் வயிற்றில் ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை எழும் அசைவுக்கு அதுதான் காரணம். எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் இதே ஹார்மோனின் ஏற்பியைத் தட்டிவிடுவதால், இரைப்பை காலியாகத் தாமதிக்கும் நோயாளிகளுக்கும் அதை மருத்துவர்கள் தருவதுண்டு.

இந்த அட்டவணையில் பல பாடநூல் குறிப்புகள் விட்டுவிடும் ஒரு பத்தி இருக்கிறது: எது நிறுத்துகிறது? காஸ்ட்ரினுக்கு இந்தப் பத்தி இல்லாவிட்டால் வரியே பாதிதான். இரைப்பையில் அமிலம் போதிய அளவு ஏறியதும் அங்குள்ள வேறு செல்கள் சொமட்டோஸ்டேட்டினை விட்டு ஜி செல்களை அடக்குகின்றன. காஸ்ட்ரின் அமிலத்தைக் கூட்டுகிறது, கூடிய அமிலம் காஸ்ட்ரினைக் குறைக்கிறது.

இதன் பயனை ஒரு உதாரண நோயாளியிடம் பார்க்கலாம். திரும்பத் திரும்ப வரும் அல்சர், கூடவே பேதி. வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் காஸ்ட்ரின் மில்லிலிட்டருக்கு 640 பிகோகிராம். இயல்பாக 100-க்குள் இருக்க வேண்டும். இதை வைத்து மட்டும் முடிவுக்கு வரக் கூடாது. இரைப்பை நீரின் பி.எச். 6 என்றால் அங்கே அமிலமே இல்லை, அடக்க ஆளில்லாமல் காஸ்ட்ரின் ஏறியிருக்கிறது. ஒமிப்ரசோல் போன்ற அமிலம் குறைக்கும் மாத்திரைகளும், பெர்னீசியஸ் அனீமியாவும் இதைச் செய்யும். பி.எச். 1.5 என்றால் கதையே வேறு. அமிலம் தாராளமாக இருந்தும் காஸ்ட்ரின் அடங்கவில்லை. அது ஜி செல்லிலிருந்து வராமல், கட்டுக்கு அடங்காத ஒரு கட்டியிலிருந்து வருவதாகச் சந்தேகிக்க வேண்டும். கணையத்திலோ முன்சிறுகுடலிலோ உருவாகும் இந்தக் கட்டி காஸ்ட்ரினோமா. இதனால் வரும் நோயை 1955-ல் அமெரிக்காவின் ஓஹாயோவில் சோலிங்கர், எல்லிசன் என்ற அறுவை மருத்துவர்கள் முதலில் விவரித்தார்கள்.

உறுதிசெய்ய உதவுவது 1902-ன் அதே செக்ரடின். அதை ஊசியில் ஏற்றினால் இயல்பான ஒருவருக்கு காஸ்ட்ரின் பெரிதாக ஏறாது. கட்டி இருந்தால் சில நிமிடங்களிலேயே 120 பிகோகிராமோ அதற்கு மேலோ எகிறும். பேதிக்கும் விடை அட்டவணையிலேயே இருக்கிறது. பெருகி வரும் அமிலத்தை செக்ரடின் வரவழைக்கும் பைகார்பனேட்டால் தணித்து முடிக்க முடியவில்லை. அந்தப் புளிப்பில் கொழுப்பைச் செரிக்கும் லைப்பேஸ் என்சைம் செயலிழக்கிறது, கொழுப்பு செரிக்காமல் வெளியேறுகிறது.

காஸ்ட்ரின் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போகிறவர்கள், நெஞ்செரிச்சலுக்கு எந்த மாத்திரை எடுத்துவருகிறோம் என்பதை மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அந்த மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடாதீர்கள். உண்மையிலேயே கட்டி இருப்பவருக்கு அமிலம் திடீரென்று பெருகி, அல்சரில் ரத்தம் கசியவோ ஓட்டை விழவோ கூடும்.