கல்லின் அடிமுகம்

எங்கள் ஊர் வாய்க்காலின் குறுக்கே இரண்டு பலகைக்கற்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. மாட்டுவண்டி போன காலத்திலிருந்து இருப்பவை. பிறகு டிராக்டர் போனது, அதையும் தாங்கின. ஒருநாள் காலையில் ஒன்று நடுவில் முறிந்து வாய்க்காலுக்குள் கிடந்தது. வழக்கமாகப் போகும் டிராக்டர்தான், அதில் வழக்கத்தைவிடப் பாரமும் இல்லை. முறிந்த முகத்தைக் குனிந்து பார்த்தால் மேல்பாதி புதுக்கல்லாக மினுங்கியது. அடியில் நாலு விரற்கடை உயரத்துக்கு மட்டும் சேறேறிக் கறுத்திருந்தது. அந்தக் கறுப்புக்கு வயது பல ஆண்டு இருக்கும்.

காரணம் புரிய, முதலில் குவாரிக்குப் போக வேண்டும். அங்கே பாறையைப் பிளப்பவர் நேர்கோட்டில் சிறுசிறு குழிகள் வெட்டி, ஒவ்வொன்றிலும் இரும்பு ஆப்பைச் சொருகி, சம்மட்டியால் வரிசையாகத் தட்டிக்கொண்டே போவார். சில சுற்றுக்குள் பாறை கோடு கிழித்தாற்போல் இரண்டாகிவிடும். அவர் கல்லை நசுக்கவில்லை, இரு பக்கமும் விலக்கித் தள்ளினார், அவ்வளவுதான். கருங்கல்லை நசுக்க ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1,000 முதல் 2,000 கிலோ வரை வேண்டும். வளைத்து முறிக்க அதில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம், 100 கிலோ அளவில் முறிந்துவிடும். அழுத்தினால் தாங்கும், இழுத்தால் விட்டுவிடும்: கல்லின் குணம் இது.

தூணாக நிற்கும்வரை கல்லுக்கு இந்தக் கவலை கிடையாது. இரண்டு கரைமேல் படுக்கப் போட்டதும் தொடங்கும். கண்ணுக்குத் தெரியாத அளவில் கல் நடுவில் தொய்கிறது. மேல்முகம் நெருக்கப்படுகிறது, அடிமுகம் இழுபடுகிறது. ஒரு சாக்பீஸை இரு கையாலும் பிடித்து மெல்ல வளைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் நீள்கிறதோ அங்கேதான் முதலில் வாய் பிளக்கும். கம்பி போட்ட கான்கிரீட் என்றால் அடியில் இருக்கும் கம்பி அந்த இழுவிசையை வாங்கிக்கொள்ளும். பலகைக்கல்லுக்குள் கம்பி ஏது?

இனி எங்கள் வாய்க்கால் கல்லையே கணக்குப் போடலாம். கரைக்குக் கரை 3 மீட்டர், அகலம் 60 செ.மீ., கனம் 15 செ.மீ. ஒரு கனமீட்டர் கருங்கல் சுமார் 2,650 கிலோ. அப்படியானால் தொங்கும் பகுதியின் எடை மட்டும் 715 கிலோ. இந்த எடை நீளம் முழுக்கப் பரவியிருப்பதால், நடுவில் அது உண்டாக்கும் வளைப்பு என்பது எடை × நீளம் ÷ 8. சென்டிமீட்டரில் போட்டால் ஏறக்குறைய 26,800. இதை எதிர்த்து நிற்கும் குறுக்குவெட்டின் வலு, அகலம் × கனம் × கனம் ÷ 6, அதாவது 2,250. ஒன்றை மற்றதால் வகுத்தால் 12. மேலே ஒரு காக்கைகூட உட்காராமல், தன் பாரத்தாலேயே அடிமுகம் சதுர செ.மீ.க்கு 12 கிலோ இழுபடுகிறது.

டிராக்டரின் பின்சக்கரம் ஒன்று 700 கிலோவை இறக்குகிறது என்று வையுங்கள். அது நட்ட நடுவில் நிற்பதுதான் மோசமான நிலை. ஒரே இடத்தில் குவிந்த பாரத்துக்கு வளைப்பு, பாரம் × நீளம் ÷ 4. அதாவது 52,500. இழுவிசையாக மாற்றினால் 23. இரண்டும் சேர்ந்து 35.

முறிய 100 வேண்டும், வருவது 35தானே என்று விட்டுவிட முடியாது. சோதனைச்சாலையில் முறித்துப் பார்ப்பது குறையில்லாத சின்னத் துண்டை. வாய்க்கால் கல்லிலோ உள்ளே ரேகை ஓடியிருக்கலாம், வெட்டும்போதே மயிரிழைக் கீறல் விழுந்திருக்கலாம். சக்கரம் பள்ளத்திலிருந்து தொப்பென்று விழுந்தால் அதன் பாரம் இருமடங்கு போல வேலை செய்யும். அதனால் முறிவு அளவில் ஐந்தில் ஒன்றை, அதாவது 20ஐ, வரம்பாக வைப்பது என் கணக்கு. அப்படிப் பார்த்தால் இந்தக் கல் முதல்நாளிலிருந்தே வரம்பை மீறித்தான் வேலை செய்துகொண்டிருந்தது.

இப்போது அந்தக் கறுப்புக்கு வருவோம். அடியிலிருந்து 5 செ.மீ. உயரம் கீறல் ஏறிவிட்டால் பாரம் தாங்க மிஞ்சுவது 10 செ.மீ. கனம். வலு 2,250லிருந்து 1,000 ஆகிவிடும். அதே கல், அதே டிராக்டர், இழுவிசை மட்டும் 35லிருந்து 79. கீறலின் கூர்முனையில் விசை குவிவதைச் சேர்த்தால் இன்னும் மேலே. அன்றைக்குச் சக்கரம் கொஞ்சம் குலுங்கியிருக்கும், அதுவே போதும். கல் வளைந்து காட்டாது, முனகாது, ஒரே நொடியில் போய்விடும்.

அகலக் கல்லாகப் போட்டிருந்தால் தப்பியிருக்குமா? ஓரளவுதான். அகலம் இரட்டித்தால் வலு இரட்டிக்கும், கல்லின் எடையும் இரட்டிக்கும், தன் பாரத்தால் வரும் அந்த 12 அப்படியே இருக்கும். கனம்தான் கைகொடுக்கும். 25 செ.மீ. கனத்தில் மொத்த இழுவிசை 16க்குள் வந்துவிடும். 15 செ.மீ. கல்லையே ஒருக்களித்து நிறுத்தினால், அதாவது 60 செ.மீ. உயரமாக வைத்தால், வெறும் 9. சக்கரம் போக அது உதவாது, உத்திரத்துக்கு உதவும்.

எல்லாவற்றையும்விட நீளம்தான் ஆளை விழுங்கும். இடைவெளியை 6 மீட்டராக்கினால் தன் பாரத்தால் வரும் 12 நான்கு மடங்காகி 48 ஆகிவிடும். கோயில் மண்டபங்களில் தூண்கள் நெருக்கமாக நிற்பதற்கு இது ஒரு காரணம். தூணின் தலையில் இருபுறமும் கை நீட்டிக்கொண்டு நிற்கிறதே போதிகை, அது அலங்காரம் என்று நினைத்துத்தான் நானும் வெகுநாள் பார்த்தேன். 3 மீட்டர் இடைவெளியில் இருபக்கமும் ஒரு முழத்துக்கும் குறைவாக, 30 செ.மீ. மட்டும் அது நீண்டால், கல் தாண்ட வேண்டிய தூரம் 2.4 மீட்டர். மேலே சொன்ன அதே கல்லும் அதே பாரமும் என்றால் 35 குறைந்து 26 ஆகும்.

விரிசல் விட்ட உத்திரத்துக்கு நடுவில் முட்டுத் தூண் கொடுப்பதைப் பல மண்டபங்களில் பார்க்கலாம். விரிசல் விட்ட கல்லுக்கு அது சரி. நல்ல கல்லுக்கு முன்ஜாக்கிரதையாகக் கொடுக்கும்போதுதான் கவனம் வேண்டும். 1638இல் வெளியான தன் நூலில் கலிலியோ ஒரு சம்பவம் சொல்கிறார். ஒரு பெரிய பளிங்குத் தூணை இரு முனைப் பக்கமும் மரக்கட்டை வைத்துக் கிடத்தியிருந்தார்கள். நடுவில் முறியுமோ என்று மூன்றாவதாக ஒரு கட்டையையும் கொடுத்தார்கள். சில மாதத்தில் தூண் சரியாக அந்த நடுக்கட்டைக்கு மேலேயே விரிந்துபோனது. முனையில் இருந்த கட்டை ஒன்று உளுத்து இறங்கிவிட்டது, நடுக்கட்டை மட்டும் உறுதியாக நின்றது. முனை ஆதாரமில்லாமல் தொங்க, இழுபடும் பக்கம் அடியிலிருந்து மேல்முகத்துக்கு மாறிவிட்டது.

ஆகவே ஊர்க் கல்பாலத்தையோ மண்டபத்தையோ பார்க்கப் போனால், மழை விட்ட மறுநாள் போங்கள். மற்ற இடம் உலர்ந்த பிறகும் விரிசல் ஈரம் காட்டும். அடிமுகத்தின் நடுவில் குறுக்கே அப்படி ஓர் ஈரக்கோடு தெரிந்தால் சிமென்ட் பூசி மறைக்காதீர்கள், பூச்சு இழுவிசையைத் தாங்காது. முதலில் பாரத்தை நிறுத்துங்கள். முட்டுக் கொடுக்கும் முன் கல்லின் இரண்டு முனைகளும் உட்கார்ந்திருக்கும் இடம் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.