காய்ச்சல் வரலாம் என்று முன்பே சொல்வது

யானைக்கால் நோயைப் பரப்பும் நுண்புழுக்களை ஒழிக்க, ஓர் ஊரில் உள்ள எல்லாருக்கும் ஒரே சமயத்தில் மாத்திரை கொடுக்கும் திட்டம் இந்தியாவின் பல மாநிலங்களில் நடக்கிறது. தமிழ்நாட்டில் இத்தகைய மாத்திரை விநியோகம் 1990களின் பிற்பகுதியிலேயே தொடங்கிவிட்டது. பீகார், உத்தரப் பிரதேசம், ஜார்க்கண்ட் போன்ற இடங்களில் இன்றும் பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் இதற்கான முகாம் போடப்படுகிறது. முகாமுக்குச் சில நாள் முன்பு ஒலிபெருக்கியிலும் ஊராட்சிக் கூட்டத்திலும் ஆஷா பணியாளர் வீடு வீடாகப் போயும் அறிவிப்பு செய்கிறார்கள். தேதி, இடம், 'தவறாமல் சாப்பிடுங்கள்' என்ற வேண்டுகோள் ஆகிய மூன்றும் எல்லா அறிவிப்பிலும் இருக்கும். மாத்திரை போட்ட பிறகு சிலருக்குக் காய்ச்சல் வரும் என்ற செய்தி மட்டும் பல நேரம் விடுபட்டுவிடுகிறது. அதைச் சொன்னால் யாரும் சாப்பிட மாட்டார்கள் என்ற பயமே காரணம். அந்தக் கணக்கு தவறு. சொல்லாமல் விட்ட ஊரில், அன்றிரவு நாலு பேருக்குக் காய்ச்சல் வந்தால், மறுநாள் காலைக்குள் மீதி மாத்திரைகள் குப்பைக்குப் போய்விடுகின்றன.

காய்ச்சல் ஏன் வருகிறது என்பதைக் கிராமத்தார் கேட்டால் நேரான பதில் இருக்கிறது. யானைக்கால் நோயை உண்டாக்கும் வளர்ந்த புழுக்கள் மனித உடலின் நிணநீர்க் குழாய்களில் பல ஆண்டுகள் வாழ்கின்றன. அவை இடும் நுண்புழுக்கள் ரத்தத்தில் கலந்து, பெரும்பாலும் இரவில் தோல் பக்கமுள்ள ரத்தக்குழாய்களுக்கு வருகின்றன. இரவில் கடிக்கும் கியூலெக்ஸ் கொசு அவற்றை உறிஞ்சி, தன் உடலில் வளர விட்டு, அடுத்தவருக்குக் கொண்டுசேர்க்கிறது. மாத்திரை ரத்தத்தில் சேர்ந்ததும் நுண்புழுக்கள் கூட்டமாகச் சாகின்றன. அவற்றின் உடலுக்குள் வோல்பேக்கியா என்ற நுண்ணுயிரி குடியிருக்கிறது. புழு சிதையும்போது அந்த நுண்ணுயிரியும் புழுவின் சிதைவுப் பொருள்களும் ரத்தத்தில் வெளிப்படுகின்றன. உடலின் தற்காப்பு முறை அவற்றை எதிர்க்கிறது. காய்ச்சல், தலைவலி, உடல்வலி, மயக்கம், வாந்தி வருவது போன்ற உணர்வு எல்லாம் அந்த எதிர்ப்பின் அறிகுறிகள்.

இதிலிருந்து கிராமத்தாருக்குச் சொல்ல வேண்டிய முக்கியமான விஷயம் ஒன்று கிடைக்கிறது. ரத்தத்தில் நுண்புழு நிறைய இருப்பவருக்கே தொந்தரவு அதிகம். புழுவே இல்லாதவருக்குப் பெரும்பாலும் எதுவும் தெரியாது. நுண்புழு உள்ள மனிதர் வெளியே பார்க்க நல்ல உடல்நலத்தோடுதான் இருப்பார். கால் வீங்கியிருக்காது, வலி இருக்காது, வயல் வேலைக்கும் போவார். அவருக்கு நோய் இருப்பது இரவில் விரல் நுனியில் ரத்தம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே 'எனக்கு ஒன்றும் இல்லையே, நான் ஏன் சாப்பிட வேண்டும்' என்ற கேள்விக்கும் 'சாப்பிட்டதும் காய்ச்சல் வந்ததே' என்ற புகாருக்கும் இந்த ஒரே விளக்கம் போதும். முதல் சுற்றில் நுண்புழுக்கள் பெருமளவு குறைந்துவிடுவதால், அடுத்த சுற்றில் அதே மனிதருக்குத் தொந்தரவு பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

எத்தனை பேருக்கு வரும் என்பதையும் சொல்லலாம். இந்தியா, ஹைட்டி, பிஜி, இந்தோனேசியா, பப்புவா நியூகினி ஆகிய ஐந்து நாடுகளில் இருபத்தாறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், நூற்றுக்குச் சுமார் 12 பேருக்கு ஏதேனும் ஒரு தொந்தரவு ஏற்பட்டது. பெரும்பாலானவை லேசானவை, ஆபத்தான விளைவுகள் மிக அரிதாகவே இருந்தன. டைஎதில்கார்பமசின், அல்பெண்டசோல் என்ற இரண்டு மருந்துகளோடு ஐவர்மெக்டினையும் சேர்த்துக் கொடுத்தபோதும் இந்த விகிதம் கூடவில்லை. இந்த மூன்று மருந்து முறை இந்தியாவில் முதன்முதலாக 2018 டிசம்பரில் பீகாரின் அர்வல் மாவட்டத்தில் தொடங்கப்பட்டது.

மூன்று மருந்து முறையில் எழும் முதல் அச்சம் மருந்தின் குணத்தைப் பற்றியதல்ல, எண்ணிக்கையைப் பற்றியது. ஒரே நேரத்தில் எட்டு மாத்திரையா என்று மக்கள் திகைக்கிறார்கள். ஓர் ஐந்து பேர் குடும்பத்தை எடுத்துக்கொண்டால் இந்தக் கணக்கு விளங்கும். நாற்பது வயது தந்தையின் உயரம் 165 சென்டிமீட்டர். டைஎதில்கார்பமசின் மாத்திரை ஒவ்வொன்றும் 100 மில்லிகிராம். பதினைந்து வயதுக்கு மேற்பட்டவருக்கு மூன்று. அல்பெண்டசோல் ஒன்று. ஐவர்மெக்டின் மாத்திரை 3 மில்லிகிராம் அளவில் சிறியது. உயரத்தைக் கணக்கிட்டு இவருக்கு நான்கு. ஆக எட்டு. மாத்திரைகள் சிறிய அளவில் செய்யப்பட்டிருப்பதால்தான் எண்ணிக்கை ஏறுகிறது. 150 சென்டிமீட்டர் உயரமுள்ள பாட்டிக்கு ஐவர்மெக்டின் மூன்று, ஆகமொத்தம் ஏழு. எட்டு வயது மகளின் உயரம் 125 சென்டிமீட்டர் என்றால் டைஎதில்கார்பமசின் இரண்டு, அல்பெண்டசோல் ஒன்று, ஐவர்மெக்டின் இரண்டு. மூன்று வயது மகனுக்கு ஐவர்மெக்டின் கிடையாது. மற்ற இரண்டிலும் ஒவ்வொன்று. கர்ப்பிணியான தாய்க்கு எந்த மாத்திரையும் கிடையாது. இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் படுத்த படுக்கையாக உள்ள நோயாளிகளுக்கும் கொடுப்பதில்லை. ஐவர்மெக்டினைப் பொறுத்தவரை பிரசவமாகி ஒரு வாரம் ஆகாத தாய்மாரும் விலக்கப்படுகிறார்கள். உயரம் அளக்கும் கோலைப் பணியாளர் ஏன் கொண்டுவருகிறார் என்பதை அறிவிப்பிலேயே சொல்லிவிட்டால், அதைப் பார்த்து எழும் சந்தேகமும் போய்விடும்.

சாப்பிடும் முறை பற்றி அறிவிப்பில் இருந்தே தீர வேண்டிய செய்திகள் இரண்டு. வெறும் வயிற்றில் போடக்கூடாது, சாப்பாட்டுக்குப் பிறகுதான். இதை மறந்தால் குமட்டலும் மயக்கமும் கூடுகின்றன. இன்னொன்று, சிறு குழந்தைக்கு மாத்திரையை முழுதாக வாயில் போடக்கூடாது. பொடித்துத் தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். அழும் குழந்தையின் மூக்கைப் பிடித்து வாயில் திணிப்பது உயிருக்கே ஆபத்து. பூச்சி மாத்திரை தொண்டையில் சிக்கி மூச்சடைத்துக் குழந்தைகள் இறந்த சம்பவங்கள் உலகில் பதிவாகியுள்ளன. அதில் பிழை மருந்தில் இல்லை, கொடுத்த விதத்தில்தான். மருந்தின் பக்கவிளைவு பற்றிக் கவலைப்படும் பெற்றோருக்கு இந்த எச்சரிக்கைதான் அதிகம் பயன்படும்.

மாத்திரையைப் பணியாளர் முன்னிலையிலேயே விழுங்க வேண்டும் என்பது விதி. 'அப்புறம் சாப்பிடுகிறேன்' என்று வாங்கி வைக்கப்படும் மாத்திரைகளில் கணிசமானவை வாய்க்குப் போவதே இல்லை. முன்னிலையில் விழுங்கியவரின் விரலில் மையிடுகிறார்கள். அந்த மை வெறும் அடையாளம். வேறு எதற்கும் அல்ல. இதையும் சொல்லாத ஊர்களில், குடும்பக் கட்டுப்பாட்டு மருந்து என்ற வதந்தி எளிதில் பரவுகிறது. கருத்தடைக்கும் இந்த மருந்துகளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அல்பெண்டசோல் பள்ளிகளில் குடற்புழு நீக்கத்துக்குக் கொடுக்கும் அதே மாத்திரைதான். டைஎதில்கார்பமசின் ஏழு பத்தாண்டுகளுக்கு மேலாகப் பயன்பாட்டில் இருக்கிறது.

மேலே சொன்ன தந்தைக்கு ரத்தத்தில் நுண்புழு இருந்தது என்று வைத்துக்கொள்வோம். மதியச் சோற்றுக்குப் பின் மாத்திரை போடுகிறார். இரவு குளிர் எடுத்துக் காய்ச்சல் வருகிறது, தலை கனக்கிறது, எழுந்தால் தலைசுற்றுகிறது. படுத்து ஓய்வெடுப்பதும் நிறையத் தண்ணீர், கஞ்சி குடிப்பதும் பாரசிட்டமால் மாத்திரையும் போதும். இரண்டு, மூன்று நாளில் தானாக அடங்கிவிடும். பாட்டிக்கும் மகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர்களிடம் புழு இல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஐந்தாம் நாள் தந்தைக்கு விதைப்பையில் வலியோடு சிறு கட்டி தெரிகிறது. வளர்ந்த புழு சாகும் இடத்தில் வரும் வீக்கம் அது. இது காய்ச்சலைவிடத் தாமதமாக வரும். முன்பே சொல்லப்படாத ஆண்கள் இதைக் கண்டு பயந்து, வெட்கத்தால் யாரிடமும் சொல்லாமல் அவதிப்படுகிறார்கள். அறிவிப்பில் இதற்கு ஒரு வாக்கியம் இருந்தால் அவர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்துவிடுவார்.

எப்போது காத்திருக்கக்கூடாது என்பதும் தெளிவாக வேண்டும். மூன்று நாளைத் தாண்டிய காய்ச்சல், மூச்சுத்திணறல், முகமோ உதடோ வீங்குதல், உடலில் கொப்புளம், வலிப்பு, நினைவு தவறுதல் ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். முகாம் நாள்களில் இதற்கென்றே ஒரு மருத்துவக் குழு தயாராக இருக்கும். அதன் தொலைபேசி எண்ணைச் சுவரில் எழுதி வைப்பது ஒலிபெருக்கியில் ஒருமுறை சொல்வதைவிட மேல். இரவு பத்து மணிக்குக் காய்ச்சல் வந்தவருக்குக் காலையில் காதில் விழுந்த எண் நினைவிருக்காது.

பள்ளிக்கூடங்களில் வேறொரு சிக்கல் உண்டு. ஒரு குழந்தை வாந்தி எடுத்ததும் பக்கத்தில் உள்ளவர்கள் வரிசையாக மயங்கி விழுகிறார்கள். ஊரே திரண்டு வந்து மருந்தைக் குற்றம் சொல்கிறது. இதை அடையாளம் காண வழி இருக்கிறது. விழுங்கிய சில நிமிடங்களில் தொடங்குவது, காய்ச்சல் இல்லாதது, ஒருவரை ஒருவர் பார்த்து அடுத்தடுத்து விழுவது, தனித்தனியே படுக்க வைத்தால் விரைவில் தெளிவது ஆகியவை அச்சத்தால் வருபவை. புழு சாவதால் வரும் காய்ச்சல் தொடங்கச் சில மணி நேரமாவது ஆகும். குழந்தைகளைச் சாப்பிட வைத்து, சிறு குழுக்களாகப் பிரித்துக் கொடுக்கும் பள்ளிகளில் இது அதிகம் நடப்பதில்லை.

ஆயிரக்கணக்கானோர் மருந்து சாப்பிடும் அதே வாரத்தில், மாத்திரை இல்லாவிட்டாலும் யாராவது ஒருவர் மாரடைப்பால் இறப்பார், இன்னொருவருக்கு டெங்கு வரும். இறப்பு நேர்ந்தால் மருத்துவக் குழு அந்த வீட்டுக்குப் போய், நோய் எப்போது தொடங்கியது, முன்பே என்ன நோய் இருந்தது, எப்போது மாத்திரை போட்டார் என்று விசாரித்துப் பதிவு செய்ய வேண்டும். முடிவு எதுவானாலும் அதை ஊர்க் கூட்டத்தில் சொல்ல வேண்டும். மூடி மறைத்தால் அந்த ஊரில் அடுத்த சுற்றில் மாத்திரை விழுங்குபவர்கள் குறைந்துவிடுவார்கள். ஊரில் நூற்றுக்கு 65 பேராவது விழுங்காவிட்டால் நுண்புழு பரவுவது நிற்காது.

ஏற்கெனவே கால் வீங்கியவர்களிடம் ஒன்றைப் பொய்யின்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த மாத்திரை வீங்கிய காலைப் பழையபடி ஆக்காது. தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்குகளை ஈரமில்லாமல் துடைத்து, காயங்களுக்கு மருந்திடுவதுதான் அவர்களுக்கு வீக்கமும் காய்ச்சலும் திரும்பத் திரும்ப வராமல் காக்கும்.