வெளுத்ததெல்லாம் மாவுப்பூச்சியா?

இலையைப் படமெடுத்து மருந்துக்கடையில் காட்டி, அங்கே கொடுக்கும் புட்டியை வாங்கிவரும் வழக்கம் நம் விவசாயிகளிடையே வேரூன்றிவிட்ட இக்காலத்தில், படத்தில் இருப்பது எந்தப் பூச்சி என்பதைப் பணத்தைச் செலவிடுபவரே நிர்ணயிக்கத் தெரிந்துகொள்வது அவசியமாகும். அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி, செதில்பூச்சி ஆகிய நான்கும் சாற்றை உறிஞ்சி வாழ்பவையே. ஆயினும் ஒன்றுக்கு உரிய நிவாரணம் மற்றொன்றுக்குப் பொருந்துவதில்லை.

2016-ஆம் ஆண்டில் பொள்ளாச்சிப் பகுதித் தென்னந்தோப்புகளில் முதன்முதலாகக் காணப்பட்ட சுருள் வெள்ளை ஈயின் படம் ஒன்றை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். கீழ்மட்டை ஓலைகளின் மேற்புறம் கரி பூசியதுபோல் கறுத்திருக்கிறது. அடிப்புறத்திலோ வெள்ளை மெழுகு பஞ்சாக அப்பிக் கிடக்கிறது. இதைக் கண்டவுடன் மாவுப்பூச்சி என்று சொல்லத் தோன்றுவது இயல்பே. ஆனால் வெண்மை என்பது இவ்விரண்டு பூச்சிகளுக்கும் பொதுவான லட்சணமாகையால், அதை மட்டும் ஆதாரமாகக் கொண்டு முடிவு செய்தல் தகாது. மெழுகுக்குள் இருக்கும் உடலைத் தேட வேண்டும்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், மெழுகு வட்ட வட்டமான சுருள்களாக அமைந்திருப்பது தெரிகிறது. முட்டையிடும் தாய் ஈ சுழன்று நகர்ந்த தடம் அது. அதனிடையே தட்டையான, நீள்வட்ட வடிவமான இளம்பூச்சிகள் இலையோடு இலையாக ஒட்டிக்கிடக்கின்றன. சிறகைக் கூரைபோல் மடித்துக்கொண்டு அமர்ந்திருக்கும் சிற்றீ ஒன்றும் அருகில் இருந்துவிட்டால், சந்தேகத்துக்கு இடமே இல்லை. மாவுப்பூச்சியாயின் உடலில் கண்டம் கண்டமான கோடுகள் தெரியும்; ஓரத்தில் மெழுகு இழைகள் விளிம்பு கட்டியிருக்கும்; ஊசிமுனையால் புரட்டினால் கால்கள் அசைவதைப் பிரத்தியட்சமாகக் காணலாம். ஆகவே, தொடுவதற்கு முன் ஒன்றும், புரட்டிய பின் ஒன்றுமாக இரண்டு படங்களை, அளவு தெரிய ஒரு நாணயத்தைப் பக்கத்தில் வைத்து, பகல் வெளிச்சத்தில், இலையின் அடிப்புறத்தில் எடுத்தல் நலம்.

அசுவினியைக் கண்டுகொள்வது எளிது: பேரிக்காய் வடிவ உடலும், பின்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு சிறு குழல்களும் அதன் அடையாளம், கொழுந்தில் கூட்டமாக இருக்கும், பக்கத்தில் உரித்த வெள்ளைத் தோல்கள் சிதறியிருக்கும். செதில்பூச்சியோ பூச்சியென்றே தோன்றாமல், நரம்போரத்திலும் தண்டிலும் பழுப்புப் புள்ளியாக ஒட்டியிருக்கும். நகத்தால் நெம்பும்போது மேலோடு மட்டும் தனியே பெயர்ந்து, உடல் அடியில் தங்கிவிட்டால், அது கடின ஓட்டு இனம். அவ்வினம் தேன் போன்ற கழிவைச் சொரிவதில்லை; ஆதலால் இலையில் பிசுபிசுப்பும் கரும்பூஞ்சாணமும் ஏராளமாக இருக்குமானால், வேறொன்றைத் தேட வேண்டும். மென்மையான செதில் இனங்கள் கழிவைச் சொரியும் என்பதையும் மறக்கலாகாது.

தவறான நிர்ணயத்தால் நேரும் அபாயம் யாது? சுருள் வெள்ளை ஈயை அடக்கிவைப்பது என்கார்சியா என்னும் நுண்ணிய ஒட்டுண்ணிக் குளவி; பப்பாளி மாவுப்பூச்சியை அடக்கியதோ 2010-இல் பியூர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைக்கப்பட்ட அசெரோபேகஸ் என்னும் வேறொரு குளவி. மாவுப்பூச்சி என்று எண்ணித் தென்னையில் கடும் விஷத்தைப் பிரயோகித்தால், மெழுகின் மறைவிலுள்ள ஈ பெருமளவு தப்ப, குளவி மடிந்துபோகிறது. பின்னர் ஈ முன்னினும் பெருகுகிறது. குளவி வேலை செய்கிறதா என்பதையும் படமே காட்டும்: ஈ இயல்பாக வெளிவந்த கூட்டில் ‘T’ வடிவப் பிளவு இருக்கும்; குளவி வெளிவந்த கூட்டிலோ வட்டமான துளை இருக்கும். துளைகள் நிறையத் தெரியும் தோப்பில் இரசாயனத்தைத் தவிர்த்து, தண்ணீரை விசையுடன் பீய்ச்சியடிப்பதும், மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுவதுமே தக்க உபாயங்கள். படம் இன்னும் தெளிவு தராவிட்டால், பூச்சியுள்ள இலைத்துண்டை உறையில் இட்டு, மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திலோ வட்டார வேளாண்மை அலுவலகத்திலோ காட்டலாம். 1800-180-1551 என்ற கிசான் அழைப்பு மையத்தில் கேட்கவும் செய்யலாம்.

மருந்து வாங்கியே தீரவேண்டுமெனில், வாங்குபவருக்குச் சட்டம் தந்திருக்கும் பாதுகாப்பை விட்டுக்கொடுத்தல் கூடாது. 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி உரிமம் பெற்ற கடையே விற்கலாம். புட்டியுடன் வரும் துண்டுப்பிரசுரத்தில் எந்தப் பூச்சிக்கு உரியது, எவ்வளவு கலப்பது, விஷமுறிவு யாது என்பவை அச்சிடப்பட்டிருக்க வேண்டும். உமது பயிரும் பூச்சியும் அதில் இல்லையாயின், கடைக்காரர் எத்துணை உறுதி கூறினும் வாங்காதீர். சிவப்பு முக்கோணம் மிகக் கொடிய விஷத்தைக் குறிக்கும். அதன்பின் மஞ்சள், நீலம், பச்சை என்ற வரிசையில் கடுமை குறையும். ரசீதையும், அன்று எடுத்த இரு படங்களையும், காலிப் புட்டியையும் பத்திரப்படுத்துக; போலிச் சரக்காலோ குறையுள்ள மருந்தாலோ பயிர் நஷ்டமானால், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுப்பதானால், நஷ்டம் நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும்.