ஆறு நாள் காத்திருந்த தொண்ணூறு நிமிட வேலை

ஐபிஎம் கம்ப்யூட்டர் வாங்க நினைக்கும் நிறுவனங்களுக்குக் கடன் கொடுப்பதற்கென்றே ஐபிஎம் ஒரு துணை நிறுவனம் வைத்திருந்தது. அதன் பெயர் ஐபிஎம் கிரெடிட். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஓல்ட் கிரீன்விச் என்ற ஊரில் அதன் அலுவலகம். வாடிக்கையாளர் ஒருவர் சரி சொன்னதும் விற்பனையாளர் அங்கே போன் போடுவார். பெரிய மேஜையொன்றைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் 14 பேரில் ஒருவர் போனை எடுத்து, விவரத்தை ஒரு தாளில் குறித்துக்கொள்வார். அந்தத் தாளின் பயணம் அங்கிருந்து தொடங்கும்.

தாள் முதலில் மாடிக்குப் போகும். அங்கே கடன் பிரிவு நிபுணர் ஒருவர் வாடிக்கையாளரின் கடன் தகுதியைப் பார்த்து எழுதுவார். அடுத்த பிரிவு, வாடிக்கையாளர் கேட்ட சலுகைக்கேற்ப ஒப்பந்த நிபந்தனைகளைத் திருத்தும். அதற்கடுத்தவர் வட்டி எவ்வளவு என்று கணக்குப் போடுவார். கடைசியாக எழுத்தர் பிரிவு இதையெல்லாம் சேர்த்துக் கடிதமாக்கிக் கூரியரில் விற்பனையாளருக்கு அனுப்பும். மொத்தம் ஐந்து கை. சராசரியாக ஆறு நாள், சில சமயம் இரண்டு வாரம்.

அந்த ஆறு நாளும் விற்பனையாளருக்கு வயிற்றில் நெருப்புதான். வாடிக்கையாளர் அதற்குள் வேறு இடத்தில் கடன் வாங்கிவிடலாம், போட்டிக் கம்பெனிக்காரர் வந்து மனத்தை மாற்றிவிடலாம். “என் ஃபைல் எங்கே?” என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்பார். யாருக்கும் தெரியாது. “மேலே போயிருக்கு” என்ற பதிலைக் கேட்டுப் பழகிய நமக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை.

இந்தக் கதையை மைக்கேல் ஹேமரும் ஜேம்ஸ் சாம்பியும் 1993-ல் வெளியிட்ட ‘ரீஎன்ஜினீயரிங் த கார்ப்பரேஷன்’ நூலில் சொன்னார்கள். அலுவலக நடைமுறையை மாற்றப் போகிறவர்கள் இரண்டு படம் போடுவது வழக்கம். இப்போது வேலை எப்படி நடக்கிறது என்பது ஒரு படம். அதை ‘ஆஸ்-இஸ்’ என்பார்கள். இனி எப்படி நடக்க வேண்டும் என்பது இன்னொரு படம், அது ‘டு-பி’. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் மேலிடத்தில் ஒப்புதல் கேட்பார்கள். அந்த ஒப்பீடு எங்கே சரியாக விழும், எங்கே ஏமாற்றும் என்று காட்ட ஐபிஎம் கிரெடிட்டை விட நல்ல உதாரணம் கிடைப்பது கடினம். ஏனென்றால் அங்கே முதலில் தப்பான ‘டு-பி’ ஒன்றை நடைமுறைக்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

அவர்கள் செய்தது இதுதான். ஃபைல் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை என்பதுதானே புகார்? அதனால் ஒரு கண்காணிப்பு மேஜை போட்டார்கள். ஒவ்வொரு பிரிவும் தன் வேலையை முடித்ததும் தாளை அடுத்த பிரிவுக்கு அனுப்பாமல் இந்த மேஜைக்கே திருப்பி அனுப்ப வேண்டும். மேஜையில் இருப்பவர் பதிவு செய்துகொண்டு அடுத்த பிரிவுக்கு அனுப்புவார். “எங்கே?” என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தது. ஆனால் நாள் இன்னும் கூடிவிட்டது.

படமாகப் போட்டுப் பார்த்தால் காரணம் உடனே தெரியும். பழைய முறையில் போன் எடுத்தவர், கடன் பிரிவு, நிபந்தனைப் பிரிவு, வட்டிக் கணக்கர், எழுத்தர் என்று ஐந்து கட்டம். அவற்றுக்கிடையே நான்கு அம்புக்குறி. கண்காணிப்பு மேஜை வந்த பிறகு ஒவ்வொரு பிரிவிலிருந்தும் மேஜைக்கு ஓர் அம்பு, மேஜையிலிருந்து அடுத்த பிரிவுக்கு ஓர் அம்பு. எண்ணினால் குறைந்தது ஏழு. தாள் ஒவ்வொரு முறை கை மாறும்போதும் இன்னொரு டிரேயில் போய்ப் படுக்கிறது. இன்றும் பல அலுவலகங்களில் காகிதத்தை விட்டு சாஃப்ட்வேருக்கு மாறும்போது நடப்பது இதே வேலைதான்: பழைய கையெழுத்துகள் அப்படியே இருக்க, ‘ஃபைல் எங்கே’ என்று காட்டும் ஒரு திரை மட்டும் புதிதாக வந்து சேர்கிறது.

பிறகு இரண்டு மூத்த மேலாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். ஒரு கடன் விண்ணப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஐந்து இடத்துக்கும் தாங்களே நடந்தார்கள். போன இடத்திலெல்லாம், கையிலிருக்கும் வேலையை ஒதுக்கிவிட்டு இதை வழக்கம்போல் முடித்துத் தரச் சொன்னார்கள். மொத்தமே 90 நிமிடம்தான் ஆனது.

ஒரு நாளுக்கு எட்டு மணி நேர வேலை என்று வைத்தால் ஆறு நாள் என்பது 48 மணி நேரம். அதில் ஒன்றரை மணி நேரம் வேலை. அதாவது சுமார் 3 சதவீதம். மீதி நேரமெல்லாம் தாள் சும்மா கிடந்தது. நிபுணர்கள் இரண்டு மடங்கு வேகத்தில் வேலை பார்த்திருந்தாலும் மிச்சமாகியிருப்பது 45 நிமிடம்தான்! கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. மேலதிகாரி பக்கத்தில் நிற்கும்போது யாரும் டீ குடிக்கப் போக மாட்டார்கள். எனவே 90 நிமிடம் என்பதை உள்ளதிலேயே நல்ல கணக்காகத்தான் கொள்ள வேண்டும். அது உண்மையில் மூன்று மணி நேரம் என்று வைத்தாலும் முடிவு மாறாது.

ஒப்புதல் நடைமுறைக்குப் படம் போடுகிறவர்கள் அதிகமாகக் கோட்டைவிடும் இடமும் இதுதான். இப்போது பரவலாக இருக்கும் முறையில் ஒவ்வொரு பொறுப்பாளருக்கும் ஒரு நீளப்பட்டை ஒதுக்கி, அவர் செய்யும் வேலையை அந்தப் பட்டைக்குள் கட்டமாகப் போடுவார்கள். சரி, தவறு என்று பிரியும் இடத்துக்கு வைர வடிவம். கட்டத்துக்குப் பெயர் உண்டு, இடம் உண்டு. காத்திருப்புக்கு இரண்டும் கிடையாது. அது ஒரு மெல்லிய அம்புக்குறிக்குள் ஒளிந்துகொள்கிறது. ஃபிராங்க் கில்பிரத், லில்லியன் கில்பிரத் தம்பதி 1921-ல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் வேலைப் படங்களை அறிமுகம் செய்தார்கள். பிறகு அந்தச் சங்கம் 1947-ல் வகுத்த குறியீடுகளில் தாமதத்துக்கென்றே ‘டி’ எழுத்து வடிவில் ஒரு குறி இருந்தது. அதை மீண்டும் எடுத்துப் பயன்படுத்தலாம். இல்லாவிட்டால் ஒவ்வொரு அம்பின் மேலும் ‘இங்கே சராசரியாக ஒன்றரை நாள்’ என்று எழுதினாலே போதும். படத்தைப் பார்ப்பவரின் கண் தானாக அங்கே போய் நிற்கும்.

அந்த ஒன்றரை நாளை ஊகித்து எழுதக் கூடாது. அண்மையில் முடிந்த முப்பது ஃபைல்களை எடுத்து, ஒவ்வொரு மேஜைக்கும் வந்த தேதியையும் அங்கிருந்து போன தேதியையும் குறிக்க வேண்டும். கையெழுத்துக்குக் கீழே தேதி இருக்கும். இ-ஆபீஸ் வந்த இடங்களில் மணியும் நிமிடமும்கூட இருக்கும். விதிப்புத்தகத்தைப் பார்த்து ‘ஆஸ்-இஸ்’ வரைந்தால் உண்மை அகப்படாது. “கொட்டேஷன் ஒன்று குறைகிறது” என்று திருப்பி அனுப்பப்பட்டு, இரண்டாம் முறை ஏறி வந்த ஃபைல் விதிப்புத்தகத்தில் இல்லை. மேலாளர் லீவு என்று நான்கு நாள் கிடந்ததும் அதில் இல்லை.

ஐபிஎம் கிரெடிட்டுக்கு வருவோம். நிபுணர்கள் உண்மையில் செய்துகொண்டிருந்தது என்ன என்று பார்த்தபோது, பெரும்பாலான விண்ணப்பங்களுக்கு நிபுணத்துவமே தேவைப்படவில்லை. கணினியில் கடன் தகுதியைத் தேடி எடுப்பது, எண்களை ஒரு வாய்பாட்டில் போடுவது, தயாராக இருக்கும் நிபந்தனைகளிலிருந்து பொருந்துவதை எடுத்து ஒட்டுவது, இவ்வளவுதான். ஒவ்வொரு விண்ணப்பமும் சிக்கலானது என்று நினைத்து நடைமுறையை அமைத்திருந்தார்கள். வந்ததில் பெரும்பாலானவை எளியவை. புதிய படத்தில் ஒரே ஆள் தொடக்கம் முதல் முடிவு வரை பார்ப்பார். அவருக்குத் துணையாகப் புதிய மென்பொருள். சிக்கலான விண்ணப்பம் வந்தால் மட்டும் ஒரு சிறு நிபுணர் குழுவின் உதவி. உள்ளே கை மாறுவது வழக்கமான விண்ணப்பத்துக்கு அறவே இல்லை. ஆறு நாள் நான்கு மணி நேரமானது. கையாண்ட விண்ணப்பங்கள் நூறு மடங்காயின என்று அந்த நூல் சொல்கிறது. இந்த மாற்றத்தைப் பிரசாரம் செய்தவர்களே எழுதிய நூல் என்பதால் ‘நூறு மடங்கு’ என்பதைக் கொஞ்சம் எட்டி நின்றே பார்க்கலாம்.

நான்கு அம்புகள் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை என்று காட்டினால் மட்டும் நிதித்துறைக்காரர் கையெழுத்துப் போட்டுவிட மாட்டார். போடவும் கூடாது. எடுபட்ட ஒவ்வொரு கட்டமும் எதைத் தடுத்துக்கொண்டிருந்தது என்று அவர் கேட்பார்.

சிறிய அளவில் பார்ப்போம். ஒரு கம்பெனியில் 5,000 ரூபாய்க்குப் பிரிண்டர் டோனர் வாங்க மேற்பார்வையாளர், ஸ்டோர்ஸ், அக்கவுண்ட்ஸ், மேனேஜர், டைரக்டர் என்று ஐந்து கையெழுத்து என வைத்துக்கொள்வோம். ஸ்டோர்ஸ் பார்ப்பது, இருப்பில் டோனர் இருக்கிறதா என்பதை. அது தேவையான சோதனைதான். ஆனால் கேட்கும் படிவத்திலேயே இருப்பு தெரியும்படி செய்துவிட்டால் தனிக் கையெழுத்து வேண்டாம். அக்கவுண்ட்ஸ் பார்ப்பது பட்ஜெட்டில் பணம் மிச்சமிருக்கிறதா என்று; அதையும் கணினி சொல்லும். டைரக்டரின் கையெழுத்து, என்றோ யாரோ கள்ள பில் போட்டபோது வந்து சேர்ந்ததாக இருக்கலாம். 10,000 ரூபாய்க்குக் கீழே உள்ளவற்றை மாதம் ஒரு முறை பட்டியலாக அவர் பார்த்தால் போதும் என்று மாற்றலாம். கேட்பவர் ஒருவர், அனுமதிப்பவர் இன்னொருவர், பணம் கொடுப்பவர் மூன்றாமவர் என்ற பிரிவை மட்டும் எக்காரணத்துக்காகவும் கலைக்கக் கூடாது. ஆக, ‘டு-பி’ படத்தோடு ஒரு பக்கக் குறிப்பு இருக்க வேண்டும்: எடுத்த கட்டம் எது, அது செய்த காவல் எது, அந்தக் காவல் இப்போது எங்கே இருக்கிறது. மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாத கட்டத்தைத் திருப்பி வைத்துவிட வேண்டியதுதான்.

ஒப்பீட்டில் இன்னொரு ஏமாற்றும் நடக்கும், பெரும்பாலும் தெரியாமலேயே. பழைய முறைக்கு லீவு, பிழை, திருப்பி அனுப்பல் எல்லாம் சேர்ந்த சராசரி. புதிய முறைக்கோ, யாரும் லீவே போடாத, எந்தப் படிவத்திலும் பிழையே இல்லாத ஒரு நாள். இப்படி ஒப்பிட்டால் எந்தப் புது முறையும் ஜெயிக்கும். எல்லைகளும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய படம் விண்ணப்பம் எழுதுவதில் தொடங்கிப் பொருள் வந்து சேர்வதில் முடிய, புதிய படம் இறுதி ஒப்புதலோடு முடிந்தால் அந்த நாள் கணக்கு செல்லாது.

இதற்கு மருந்து முன்னோட்டம்தான். ஒரே ஒரு பிரிவில் ஒரு மாதம் புதிய முறையை ஓட்டி, பழையதற்கு எடுத்தது போலவே முப்பது ஃபைல்களின் தேதிகளை எடுக்க வேண்டும். ஐந்து நாள் அரை நாளாகும் என்று படம் சொல்லி, முன்னோட்டத்தில் ஒன்றரை நாள் வந்தால், கேட்க வேண்டியது அந்த ஒன்றரை நாளுக்கான ஒப்புதலைத்தான்.

ஒப்புதல் வேகத்தால் எதைச் சரிசெய்யலாம் என்பதற்கும் எல்லை உண்டு. ஹேமர் 1990-ல் ‘ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ’வில் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் மியூச்சுவல் பெனிஃபிட் லைஃப் என்ற காப்பீட்டு நிறுவனத்தைப் பாராட்டியிருந்தார். அங்கே ஒரு பாலிசி விண்ணப்பம் ஐந்து பிரிவுகளில் 19 பேர் கையைத் தாண்டி வரும். 5 முதல் 25 நாள் பிடிக்கும். அதையும் ஒரே ஆள் பார்க்கும்படி மாற்றி, அவசரமானதை நான்கு மணி நேரத்தில் முடித்தார்கள். மறு ஆண்டு ஜூலையில் நியூ ஜெர்சி மாநில அரசு அந்த நிறுவனத்தைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. நிறுவனத்தைக் கவிழ்த்தது ரியல் எஸ்டேட்டில் போட்ட பணம். பாலிசி ஒப்புதல் படத்தில் அதற்கு ஒரு கட்டமும் இல்லை, இருக்கவும் முடியாது.