கென்னி செத்தாலும் திரும்பி வருவான்

போன மே மாத விடுமுறையில் அக்கா மகன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். ஒன்பது வயது. ரிமோட்டை வைத்துக்கொண்டு டிவியில் எதையோ தேடிக்கொண்டிருந்தவன், ஸ்வெட்டர் போட்ட குதிரையின் படம் ஒன்றைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான். "சித்தி, இதைப் போடுங்க" என்றான். "கார்ட்டூன்தானே, பார்த்துட்டுப் போறான்" என்று அடுப்படியிலிருந்து அக்காவும் சிபாரிசு செய்தாள். நல்லவேளையாக அந்தக் குதிரையை எனக்கு முன்பே தெரியும். குடிக்கு அடிமையாகி, தன்னையும் சுற்றியிருப்பவர்களையும் ஒவ்வொருவராக நாசமாக்கும் ஒரு நடிகனின் கதை அது. ரிமோட்டை வாங்கிக்கொண்டேன்.

குழந்தைகளை விடுங்கள். பெரியவர்களே இந்த வகைத் தொடர்களில் தப்பான இடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். அலுப்பு தீரச் சிரிக்கலாம் என்று உட்கார்ந்தவர் மூன்றாம் நாள் தூக்கம் வராமல் புரள்கிறார். கனமான கதையை எதிர்பார்த்தவரோ ஏப்பச் சத்த ஜோக்குகளைப் பார்த்துவிட்டு எழுந்துபோகிறார். படத்தைப் பார்த்தும், வயது முத்திரையைப் பார்த்தும் மட்டும் தேர்ந்தெடுப்பதால் வரும் வினை இது. இவற்றைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. போன எபிசோடில் நடந்தது இந்தத் தொடருக்கு ஞாபகம் இருக்கிறதா?

1989 டிசம்பரில் தொடங்கிய 'தி சிம்ப்சன்ஸ்' தொடருக்குப் பெரும்பாலும் ஞாபகம் கிடையாது. அந்த வீட்டுப் பையன் பார்ட்டுக்கு அன்றைக்கும் பத்து வயது, இன்றைக்கும் பத்து வயது. அப்பா ஹோமருக்கு வேலை போனாலும், வீடு பற்றி எரிந்தாலும், அடுத்த வாரம் எல்லாம் பழையபடி இருக்கும். 1997இல் வந்த 'சவுத் பார்க்' இதையே ஒரு நகைச்சுவையாக்கியது. முதல் ஐந்து சீசன்களில் கென்னி என்கிற சிறுவன் கிட்டத்தட்ட ஒவ்வொரு எபிசோடிலும் கோரமாகச் சாவான். அடுத்த வாரம் அதே ஆரஞ்சு நிறக் கோட்டுடன் பேருந்துக்காக நிற்பான். அவன் சாவுக்கு யாருக்கும் அழுகை வராது, திரும்பி வந்துவிடுவான் என்று தெரியுமே!

இப்போது குதிரைக்கு வருவோம். தொடரின் பெயர் 'போஜாக் ஹார்ஸ்மேன்'. 2014 முதல் 2020 வரை ஆறு சீசன், மொத்தம் 77 எபிசோட். தொண்ணூறுகளில் ஒரு குடும்ப சீரியலில் நடித்துப் புகழ் பெற்று, பிறகு வேலையில்லாமல் பெரிய வீட்டில் குடித்துக்கொண்டிருப்பவன் போஜாக். முதல் சீசனின் ஆறாவது எபிசோடில், ஒரு பெண்ணை அசத்துவதற்காகக் குடிபோதையில் மலைமேல் இருக்கும் புகழ்பெற்ற ஹாலிவுட் பெயர்ப்பலகையிலிருந்து கடைசி எழுத்தான 'D'யைத் திருடிவிடுகிறான். சிம்ப்சன்ஸாக இருந்தால் அடுத்த எபிசோடில் அந்த எழுத்து தன் இடத்தில் இருக்கும். இங்கே அது திரும்பவே இல்லை. அதன்பின் தொடரில் எல்லாரும் அந்த ஊரை 'ஹாலிவூ' என்றுதான் சொல்கிறார்கள். முதலில் சிரிப்பாக இருக்கும். போகப் போகத்தான் உறைக்கும்: இந்தத் தொடரில் உடைந்தது உடைந்ததுதான்.

அடுத்த இரண்டாவது எபிசோடில் அது சிரிப்பாக இல்லை. சாகக் கிடக்கும் பழைய நண்பனிடம் மன்னிப்புக் கேட்கப் போகிறான் போஜாக். ஒருகாலத்தில் நண்பனின் வேலை பறிபோனபோது, அவனுக்காகப் பேசாமல் ஒதுங்கிக்கொண்டவன். படுக்கையில் கிடப்பவன் அமைதியாகக் கேட்டுவிட்டு, மன்னிக்க முடியாது என்று சொல்லிவிடுகிறான். கடைசி நிமிடத்தில் மனம் மாறுவது, கட்டிப்பிடிப்பது எதுவும் கிடையாது. முதல் நாலைந்து எபிசோட்களைப் பார்த்துவிட்டு, "இது இன்னொரு குடிகார நடிகன் காமெடிதானே" என்று விட்டவர்கள் பலர். தொடரின் உண்மையான முகம் இங்கேதான் தெரிகிறது.

வயது முத்திரை ஏன் போதாது என்பதும் இதிலிருந்து புரியும். நம் ஊர் ஓடிடி விதிப்படி யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என்று பிரித்து, கூடவே வன்முறை, கெட்ட வார்த்தை, போதைப்பொருள் என்று காரணத்தையும் போடுகிறார்கள். அந்தச் சின்ன எழுத்துகளைக் கட்டாயம் படியுங்கள். ஆனால் என்ன காட்டுகிறார்கள் என்பதைத்தான் அது சொல்லும், எவ்வளவு வலிக்கும் என்பதைச் சொல்லாது. அமெரிக்காவில் சவுத் பார்க்குக்கும் போஜாக்குக்கும் ஒரே முத்திரை, பெரியவர்களுக்கு மட்டும் என்பது. ரத்தமும் ஆபாசமும் சவுத் பார்க்கில்தான் அதிகம். மனசைப் போட்டு அழுத்துவது போஜாக். குடும்பத்தில் குடிப்பழக்கத்தையோ தற்கொலையையோ பார்த்தவர்கள் யோசித்துத் தொடங்க வேண்டியதும் அதுவே.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை உண்டு, அதுதான் ஆளை ஏமாற்றும். 2013இல் தொடங்கிய 'ரிக் அண்ட் மார்ட்டி'யில் விஞ்ஞானித் தாத்தாவும் பேரனும் வாரம் ஒரு கிரகம் சுற்றுவார்கள். எந்த எபிசோடையும் தனியாகப் பார்க்கலாம்போலத் தோன்றும். ஆறாவது எபிசோடில் தாங்கள் செய்த குளறுபடியால் உலகமே கெட்டுப்போக, அவர்கள் வேறொரு உலகத்துக்குத் தாவுகிறார்கள். அங்கே அப்போதுதான் செத்துப்போன தங்கள் நகல்களைக் கொல்லைப்புறத்தில் புதைத்துவிட்டு, அவர்கள் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறார்கள். கதை முடிந்தது என்று நினைப்போம். இரண்டு எபிசோட் கழித்து, தன் பிணம் புதைந்த இடத்துக்குப் பக்கத்திலேயே தினமும் காலைச் சாப்பாடு சாப்பிடுகிறேன் என்று பேரன் அக்காவிடம் சொல்கிறான். தொடர் மறந்ததுபோல நடித்திருக்கிறது, அவ்வளவுதான். இதை வரிசையாகத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது சிரிப்பின் வகை. நான் செய்யும் சோதனை எளிது. ஒரு ஜோக்கை மனசுக்குள் வெட்டி எறிந்துவிட்டு, கதை அப்படியே ஓடுகிறதா என்று பார்ப்பேன். 'ஃபேமிலி கை'யில் ஓடும். "அன்னைக்கு நான் மாட்டிக்கிட்ட மாதிரி" என்று ஒருவர் சொல்வார், உடனே சம்பந்தமில்லாத ஒரு துண்டுக்காட்சி வரும், பிறகு பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடரும். அடுக்கடுக்காக இப்படி வந்தால் சிலருக்குக் கொண்டாட்டம், எனக்குப் பத்து நிமிடத்தில் தலைவலி. 'பாப்ஸ் பர்கர்ஸ்'ஸில் அப்படி வெட்ட முடியாது. கடன் தொல்லையில் சின்னதாக ஒரு பர்கர் கடை நடத்தும் அப்பா, எதற்கெடுத்தாலும் பாட்டுப் பாடும் அம்மா, மூன்று பிள்ளைகள். அவர்கள் குணம்தான் ஜோக்கே.

சவுத் பார்க் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. ஒரு எபிசோடை ஏறக்குறைய ஆறு நாட்களில் தயாரித்துவிடுகிறார்கள். 2008இல் ஒபாமா வென்றதற்கு மறுநாளே அந்த வெற்றியை வைத்து ஒரு எபிசோட் வந்துவிட்டது. அந்த வாரச் சூட்டில் பார்த்தவர்களுக்கு அது விருந்து. அமெரிக்கச் செய்திகளைத் தொடராதவருக்குப் பழைய எபிசோட்களில் பாதி நையாண்டி கைநழுவிப் போகும். மற்றவர்கள் சிரிக்கும்போது நமக்குச் சிரிப்பு வராததற்கு நம் ரசனையைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, ஞாபகமில்லாத தொடர் என்றால் நடுவிலிருந்து ஏதாவது இரண்டு எபிசோடைப் போட்டுப் பாருங்கள். பிடிக்காவிட்டால் நஷ்டம் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. போஜாக் என்றால் முதலிலிருந்து தொடங்கி, எட்டாவது எபிசோட் வரை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். எபிசோடுக்கு 25 நிமிடம் என்றால் மூன்று மணி இருபது நிமிடம் ஆகும். மனசு ஏற்கெனவே கனத்திருக்கும் வாரத்தில் மட்டும் அதைத் தொடாதீர்கள். அந்த வாரத்துக்கு பர்கர் கடைக் குடும்பம் போதும்.